சுற்று ஒன்றுதான், திசைதான் வேறு!
தீவனக் கடை வண்டிக்கு ஒரு டீசல் கணக்கு

வண்டியில் மூட்டை இருக்கிறது, வாசலில் பூட்டு தொங்குகிறது. வீட்டுக்கு வீடு சரக்கு கொண்டுபோய் இறக்கும் சின்னக் கடைக்காரர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பக்கத்து வீட்டில் விசாரித்தால், "அவங்க எட்டரைக்கே நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்களே" என்பார்கள். மூட்டை மறுபடியும் கடைக்குத் திரும்பும். சாயங்காலம் அதே ஊருக்கு இன்னொரு நடை. மாதக் கடைசியில் டீசல் பில்லைப் பார்க்கும்போது வண்டி மைலேஜ் குறைந்துவிட்டது என்றுதான் தோன்றும். மெக்கானிக்கிடம் வண்டியை விட்டும் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோளாறு இன்ஜினில் இருக்காது, எந்த வீட்டுக்கு முதலில் போவது என்ற வரிசையில்தான் இருக்கும்.

கீழ்பென்னாத்தூரில் மெயின் ரோட்டில் உள்ள ஒரு மாட்டுத் தீவனக் கடையை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம். மேற்கே போனால் திருவண்ணாமலை, கிழக்கே போனால் செஞ்சி. வடக்கே அவலூர்பேட்டைக்கும் தெற்கே வேட்டவலத்துக்கும் சாலைகள் பிரிகின்றன. கடைக்காரரிடம் ஒரு 'குட்டி யானை' வண்டி இருக்கிறது. இன்றைக்கு ஆறு இடங்களுக்கு 13 மூட்டை போக வேண்டும். கீழே வரும் தூரங்களும் நேரங்களும் கணக்குப் புரிவதற்காக வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் தூரத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்துகொள்ளலாம்.

கிழக்கே 4 கி.மீ. தூரத்தில் ஒரு பெரியம்மா வீடு. இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். காலை எட்டரைக்குள் போனால்தான் ஆள் இருப்பார். அங்கிருந்து கிராமச் சாலையில் 3 கி.மீ. தெற்கே இறங்கினால் ஒரு பால் பண்ணை. பண்ணைக்காரர் பால் ஊற்றிவிட்டு எட்டு மணிக்குத்தான் திரும்புவார், பத்து மணிக்கு வெளியே கிளம்பிவிடுவார். பண்ணையிலிருந்து 4 கி.மீ. தூரத்தில், வேட்டவலம் சாலையில், ஓய்வு பெற்ற வாத்தியார் வீடு. எப்போது போனாலும் ஆள் உண்டு. வாத்தியார் வீட்டிலிருந்து 6 கி.மீ. சுற்றிப் போனால் மேற்கே ஓர் ஆட்டுக் கொட்டகை. அங்கும் நேரக் கட்டுப்பாடு இல்லை. அவலூர்பேட்டை சாலையில் கடையிலிருந்து 3 கி.மீ. தூரத்தில் ஒரு மளிகைக் கடை, அது ஒன்பது மணிக்கு மேல்தான் திறக்கும். அதே சாலையில் இன்னும் 3 கி.மீ. தள்ளி நாட்டுக்கோழிப் பண்ணை, அங்கே எப்போதும் காவலாள் இருப்பார். ஆட்டுக் கொட்டகையிலிருந்து கோழிப் பண்ணைக்குக் குறுக்குச் சாலையில் 8 கி.மீ.

கிராமச் சாலையில் சரக்கு வண்டி மணிக்கு 20 கி.மீ. போகும் என்று வைத்தால், ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம். மூட்டை இறக்க, காசு வாங்க, இரண்டு வார்த்தை பேச ஓர் இடத்துக்கு 10 நிமிடம். வண்டி காலை 8 மணிக்குக் கிளம்புகிறது.

பக்கத்து ஊர் முதலில் என்றால்...

பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். கிட்டே இருப்பதை முதலில் முடி, அங்கிருந்து எது கிட்டேயோ அங்கே போ. அப்படிப் பார்த்தால் முதலில் மளிகைக் கடை. 8.09-க்குப் போய்ச் சேர்ந்தால் ஷட்டர் மூடியிருக்கிறது. சரி, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கோழிப் பண்ணைக்குப் போகிறார், மணி 8.18. அங்கிருந்து கிட்டே இருப்பது ஆட்டுக் கொட்டகை, 8.52. பிறகு வாத்தியார் வீடு, 9.20. பால் பண்ணை 9.42, பண்ணைக்காரர் கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் பிடித்தாயிற்று. கடைசியாகப் பெரியம்மா வீடு. மணி 10.01. பூட்டு!

கடைக்குத் திரும்பும்போது வண்டி 31 கி.மீ. ஓடியிருக்கும், மூன்று மூட்டை மிச்சம் இருக்கும். மளிகைக் கடைக்கு இன்னொரு நடை போய் வர 6 கி.மீ., பெரியம்மாவுக்குச் சாயங்காலம் போய் வர 8 கி.மீ. ஆக மொத்தம் 45 கி.மீ.

இப்போது அதே சுற்றைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். முதலில் கிழக்கே பெரியம்மா வீடு, 8.12. அடுத்து பால் பண்ணை, 8.31. வாத்தியார் வீடு 8.53. ஆட்டுக் கொட்டகை 9.21. கோழிப் பண்ணை 9.55. கடைசியாக மளிகைக் கடை, 10.14, கடை திறந்து வியாபாரம் நடந்துகொண்டிருக்கும். 10.33-க்கு வண்டி கடை வாசலில் நிற்கும். ஓடிய தூரம் அதே 31 கி.மீ.தான். ஆனால் ஒரு மூட்டையும் திரும்பி வரவில்லை, இரண்டாவது நடையும் இல்லை.

மிச்சம் 14 கி.மீ. சரக்கோடு வண்டி லிட்டருக்கு 15 கி.மீ. தருகிறது, டீசல் 92 ரூபாய் என்று வைத்தால், ஒரு நாளைக்கு சுமார் 86 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 2,150 ரூபாய். ஒரு சந்தைக்குப் போய்வரும் காசு. டிரைவரின் சாயங்கால நேரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லா ஊரையும் தொட்டுவரும் மிகக் குறைந்த தூரச் சுற்று எது என்பது ஒரு கேள்வி. அந்தச் சுற்றில் எந்தத் திசையில் போவது என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சாலைகள் பதில் சொல்லும். இரண்டாவதற்குப் பதில் வாடிக்கையாளரின் நேரத்தில் இருக்கிறது. சீக்கிரம் கதவைப் பூட்டுகிறவர் எந்தப் பக்கம் இருக்கிறாரோ அந்தப் பக்கம் முதலில் கிளம்ப வேண்டும், தாமதமாகத் திறக்கிறவர் கடைசியில் வர வேண்டும்.

எத்தனை மணி வரை கிளம்பலாம்?

வரிசை சரியாக இருந்தும் காரியம் கெடுவது உண்டு. காலையில் கடையில் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பார்கள், கிளம்ப அரை மணி தள்ளிப்போகும். அதனால் வரிசையோடு கூட, கடைசியாகக் கிளம்பும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வோர் இடத்திலும் போய்ச் சேரும் நேரத்துக்கும் கதவு மூடும் நேரத்துக்கும் நடுவே எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெரியம்மா வீட்டுக்கு 8.12-க்குப் போகிறோம், அவர் 8.30-க்குக் கிளம்புவார், 18 நிமிடம் கையில் இருக்கிறது. பால் பண்ணையில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. இவற்றில் எது குறைவோ அதுதான் மொத்தச் சுற்றுக்கும் கடிவாளம். ஆக, வண்டி 8.18-க்குள் கடையை விட்டாக வேண்டும். 8.25 ஆகிவிட்டால் பெரியம்மாவுக்குப் போன் போட்டுவிட்டுக் கிளம்புவதுதான் புத்திசாலித்தனம்.

சீக்கிரம் கிளம்பினால் நல்லதுதானே என்றால் அதற்கும் எல்லை உண்டு. பண்ணைக்காரர் எட்டு மணிக்குத்தான் வருவார். 7 மணிக்கே கிளம்பினால் பண்ணை வாசலில் அரை மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் ஏழரைக்குமேல், எட்டே காலுக்குள் கிளம்பினால் எங்கேயும் காத்திருக்கவும் வேண்டாம், பூட்டைப் பார்க்கவும் வேண்டாம்.

ஏற்றும் வரிசை இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். மளிகைக் கடையின் இரண்டு மூட்டை முதலில் உள்ளே போக வேண்டும், பெரியம்மாவின் ஒரு மூட்டை கடைசியில், கதவோரம். இதை மாற்றி ஏற்றினால் ஒரு மூட்டையை எடுக்க ஐந்து மூட்டையை நகர்த்த வேண்டும். 10 நிமிடம் 20 ஆகும், மேலே போட்ட நேரக் கணக்கு அத்தனையும் கெட்டுவிடும். கோழிப் பண்ணைக்கு ஐந்து மூட்டை, கனம் அதிகம், அதை முதலில் இறக்கினால் வண்டி லேசாகுமே என்று கேட்கலாம். இரண்டு வழியும் ஒரே தூரம் என்றால் கனமானதை முதலில் இறக்கலாம். அதற்காகச் சுற்றைக் கூட்டக் கூடாது. எடை குறைவதால் கிடைக்கும் மிச்சம், கூடுதலாக ஓடும் கிலோமீட்டரிலேயே போய்விடும்.

புது வாடிக்கையாளர் வந்தால்?

தென்மேற்கே கடையிலிருந்து 5 கி.மீ. தூரத்தில் புதிதாக ஒருவர் மூட்டை கேட்கிறார். தனியாகப் போய் வந்தால் 10 கி.மீ. சுற்றில் சேர்த்தால் எவ்வளவு? இரண்டு இடங்களுக்கு நடுவே புது இடத்தைச் செருகிப் பார்த்து, கூடும் தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாத்தியார் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு 4 கி.மீ., அங்கிருந்து ஆட்டுக் கொட்டகைக்கு 5 கி.மீ., மொத்தம் 9. முன்பு வாத்தியார் வீட்டிலிருந்து கொட்டகைக்கு நேராக 6 கி.மீ. ஓடியது. ஆகக் கூடுவது 3 கி.மீ.தான். பால் பண்ணைக்கும் வாத்தியார் வீட்டுக்கும் நடுவே செருகினால் 7 கி.மீ. கூடும். கிளம்பியவுடன் முதலில் அவர் வீட்டுக்குப் போனால் 9 கி.மீ. கூடுவதோடு, பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது மணி 8.49 ஆகிவிடும். அந்த இடம் ஆகாது.

எனவே வாத்தியார் வீட்டுக்கு அடுத்தபடியாக வைக்கலாம். அதற்குப் பின்னால் வரும் எல்லா இடங்களும் 19 நிமிடம் தள்ளிப்போகும். கொட்டகை, கோழிப் பண்ணை, மளிகைக் கடை எதற்கும் அதனால் பாதகம் இல்லை. கூடுதல் டீசல் சுமார் 18 ரூபாய். தனி நடை என்றால் 61 ரூபாய். ஒரு மூட்டையில் கிடைக்கும் லாபத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து, வீட்டில் கொண்டுவந்து இறக்குவதா, கடைக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வதா என்று முடிவு செய்யலாம்.

நேரக் கணக்குக்கு மசியாத இடமும் உண்டு. ஆட்டுக் கொட்டகைக்காரரும், "எனக்கும் எட்டரைக்குள் வேணும்" என்று சொல்லிவிட்டால்? அவர் மேற்கே இருக்கிறார், பெரியம்மா கிழக்கே இருக்கிறார். 8 மணிக்குக் கிளம்பி இரண்டு பேரையும் எட்டரைக்குள் பார்க்க முடியாது. ஏழரைக்கே கிளம்பி, கிழக்கே போய், திரும்பி மெயின் ரோட்டிலேயே மேற்கே வந்து, பிறகு தெற்கே போய், கடைசியில் வடக்கே போனால் முடியும். அந்தச் சுற்று 39 கி.மீ. வரும். அதாவது அந்த ஒரு வாக்குக்காகத் தினமும் 8 கி.மீ., கிட்டத்தட்ட 49 ரூபாய். இந்த எண்ணிக்கை கையில் இருந்தால் அவரிடம் பேசுவது சுலபம். "கொட்டகைத் திண்ணையில் இறக்கி வெச்சிட்டுப் போகலாமாண்ணே, காசு நாளைக்கு வாங்கிக்கிறேன்" என்று கேட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள். எட்டரை என்று அவர் சொன்னதே, ஆள் இல்லாத நேரத்தில் மூட்டை வந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் இருக்கும்.

வாய்ச்சொல்லாகச் சொல்லும் நேரத்தை அப்படியே நம்பவும் முடியாது. "எப்ப வேணா வாங்க" என்று சொன்னவர் வீடு மூன்று தடவை பூட்டிக் கிடக்கும். ஒரு நோட்டில் இரண்டு வாரம், ஒவ்வொரு வீட்டுக்கும் போன நேரத்தையும் ஆள் இருந்தாரா இல்லையா என்பதையும் எழுதிவந்தால், உண்மையான நேரம் தானாகத் தெரிந்துவிடும்.

அட்டைப் பெட்டி போதும்

ஆறு இடம் என்றால் போட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். இருபது, முப்பது வீடு என்றால்? ஆறு இடங்களை வரிசைப்படுத்த 720 வழிகள் உள்ளன. பத்து இடம் என்றால் 36,28,800 வழிகள். எல்லாவற்றையும் யாரும் போட்டுப் பார்க்க முடியாது. அமெரிக்காவில் டான்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் என்ற மூன்று கணித அறிஞர்கள் 49 நகரங்களைச் சுற்றிவரும் மிகக் குறைந்த தூரப் பாதையை 1954-ல் கண்டுபிடித்து நிரூபித்தது அந்தத் துறையில் பெரிய சாதனையாகப் பேசப்பட்டது.

கடைக்காரருக்கு அவ்வளவு துல்லியம் தேவையில்லை. அதே நாட்டில் அட்லாண்டா நகரில் நடந்த இன்னொரு காரியம்தான் நமக்குப் பயன்படும். வீட்டை விட்டு வர முடியாத முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் தொண்டு அமைப்பு ஒன்று அங்கே இருந்தது. நான்கு ஓட்டுநர்கள். சாப்பாடு வாங்குவோர் பட்டியல் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் வாங்க வசதி இல்லை. ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பார்த்தோல்டியும் அவருடைய குழுவினரும் அவர்களுக்குக் கொடுத்தது ஒரு வரைபடமும் இரண்டு அட்டைத் தொகுப்புகளும்தான். இந்த முறையை 1983-ல் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள்.

நகரத்தின் மேல் ஒரே கயிற்றை வளைத்து வளைத்து, எல்லாப் பகுதியையும் தொட்டுப் போகும்படி போட்டதாக நினைத்துக்கொள்ளலாம். கயிற்றில் தொடக்கத்திலிருந்து எத்தனையாவது இடம் என்பதுதான் ஒவ்வொரு வீட்டுக்கும் எண். அட்டைகளை அந்த எண் வரிசையில் அடுக்கிவிட்டால், அடுத்தடுத்த அட்டைகள் அடுத்தடுத்த வீடுகளாக இருக்கும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவர் அட்டையை உரிய இடத்தில் செருக வேண்டும், விலகினால் எடுத்துவிட வேண்டும். அடுக்கை நான்காகப் பிரித்தால் நான்கு ஓட்டுநருக்கும் வேலை தயார். இன்னொரு தொகுப்பு பெயர் வரிசையில் இருந்தது, ஆளைத் தேடி எடுக்க.

கீழ்பென்னாத்தூர்க் கடையில் இதை ஒரு பழைய செருப்புப் பெட்டியில் செய்துவிடலாம். ஊர்களையும் தெருக்களையும் சுற்று போகும் வரிசையில் எழுதி, 10, 20, 30 என்று எண் கொடுக்க வேண்டும். 1, 2, 3 என்று கொடுத்தால் நடுவில் புதியவரைச் செருக இடம் இருக்காது. பெரியம்மா 10, பால் பண்ணை 20, வாத்தியார் 30, ஆட்டுக் கொட்டகை 40. வாத்தியாருக்கு அடுத்து வந்த புதியவர் 35. அட்டையின் மூலையில் சிவப்பு மையில் நேரம்: "8.30-க்குள்", "9-க்கு மேல்". அன்றைக்கு ஆர்டர் கொடுத்தவர்களின் அட்டையை மட்டும் உருவி, எண் வரிசையில் வைத்தால் அதுதான் அன்றைய சுற்று. பிறகு சிவப்பு மையை மட்டும் பார்த்து, முன்னாலிருந்து போவதா, பின்னாலிருந்து வருவதா என்று தீர்மானிக்க வேண்டும். ஏதாவது ஓர் அட்டை அப்போதும் இடித்தால் அதை மட்டும் நகர்த்திப் பார்த்தால் போதும்.

போட்ட வரிசை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை உண்டு. ஒரு காகிதத்தில் ஊர்களைப் புள்ளியாக வைத்து, போகும் வரிசையில் கோடு இழுக்க வேண்டும். கோடு தன்னைத்தானே குறுக்கே வெட்டினால், அந்த இடத்தில் சிக்கலைப் பிரித்துப் போட்டால் பெரும்பாலும் தூரம் குறையும். சாலையே அப்படித்தான் போகிறது, நடுவில் ஏரி இருக்கிறது என்றால் விட்டுவிடலாம். காகிதம் ஏரியைப் பார்ப்பதில்லை.

தூரத்தை அளக்க வண்டி மீட்டரே சரியான கருவி. ஒரு தடவை சுற்றிவரும்போது ஒவ்வோர் இடத்திலும் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டால் ஆயுசுக்கும் போதும். கூகுள் மேப்பில் பல இடங்களைச் சேர்க்கலாம், ஆனால் கொடுத்த வரிசையில்தான் அது வழி காட்டும், எதை முதலில் வைப்பது என்று தானாக மாற்றித் தராது. குறுக்கு வழி என்று ஏரிக்கரை மண் பாதையைக் காட்டினால், மழைக்காலத்தில் சரக்கு வண்டியோடு அதை நம்பிப் போக வேண்டாம்.

பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் மட்டும் இன்னோர் அட்டை வரிசை வைத்துக்கொள்வது நல்லது. அந்த நாட்களில் செஞ்சி பக்கமிருந்து திருவண்ணாமலை போகும் வண்டிகள் மெயின் ரோட்டை நிறைத்துவிடும். சாதாரண நாளில் 3 நிமிடம் என்று போட்ட கிலோமீட்டர் அன்றைக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாது. வலது பக்கம் திரும்ப எதிரே வரும் வரிசை முடியும்வரை நிற்க வேண்டும். அன்றைக்குக் கிழக்கும் மேற்கும் உள்ள வீடுகளின் மூட்டையை முதல் நாளே இறக்கிவிட்டு, வடக்கு, தெற்குச் சாலைகளில் உள்ளவர்களுக்கு மட்டும் வண்டியை எடுக்கலாம். பெரியம்மாவுக்கு ஒரு நாள் முன்னாலேயே மூட்டை வந்தால் அவர் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை, காசை மட்டும் அடுத்த நாள் வாங்கிக்கொள்ளச் சொல்வார்.